ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம்

ஹோல்கெர் சுந்த்வாலை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இங்கே பள்ளிக்கூடம் படித்த யாரையாவது கூப்பிட்டு அவர்கள் வீட்டு அலமாரியைத் திறக்கச் சொன்னால், பல் விழுந்த வாயோடு சிரிக்கும் ஒரு வகுப்புப் படம் இருக்கும். அதை எடுத்தது ஹோல்கெராகத்தான் இருக்கும். வாட்டசாட்டமான ஆள். பேச்சு குறைவு. ஆமாம் என்று சொல்வதைக்கூட, நாட்டின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஆட்கள் செய்வதுபோல, உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே இழுத்து முடித்துவிடுவார்.

ஐம்பது தாண்டியபிறகுதான் அவருக்கு டைம்லாப்ஸ் பைத்தியம் பிடித்தது. ஒரு கேமராவை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்தி, குறிப்பிட்ட இடைவெளியில் படம் எடுத்துக்கொண்டே போய், பிறகு அத்தனையையும் வேகமாக ஓட்டிக் காட்டுவது. முதலில் தன் வீட்டுச் சன்னலில் ஆப்பிள் மரத்தை எடுத்தார். ஒரு கோடை முழுக்க எடுத்தது அரை நிமிடத்தில் ஓடியது. பூத்தது, காய்த்தது, உதிர்ந்தது. அதைத் துறைமுக அலுவலகத்துக்குக் கொண்டுவந்து எங்கள் கணினியில் போட்டுக் காட்டினார். நான் அப்போது அங்கே எழுத்தராக இருந்தேன். எங்கள் மேலாளர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, கடலையும் இப்படி எடுக்க முடியுமா என்று கேட்டார்.

அப்படித்தான் அந்த வேலை ஆரம்பித்தது. எங்கள் கடல் வருடத்தில் பாதி தண்ணீராகவும் பாதி தரையாகவும் இருப்பது. டிசம்பரில் உறைந்தால் மே மாதம்தான் விடும். நடுக்குளிர்காலத்தில் ஊரிலிருந்து ஸ்வார்ட்ஷேர் தீவுக்கு உறைந்த கடல்மேலேயே சாலை போட்டு, கார்கள் ஓடும். இலையுதிர்காலம் தொடங்கி அடுத்த கோடை வரை இந்த மாற்றம் முழுவதையும் ஒரு படமாக்கித் தரவேண்டும். துறைமுகத் திருவிழாவில் போட்டுக் காட்டுவோம் என்பது ஏற்பாடு.

கேமராவுக்கு இடம் தேடி அதிகம் அலையவேண்டியிருக்கவில்லை. ஹோல்கெரின் அண்ணன் அர்வித் ஸ்வார்ட்ஷேரில்தான் இருந்தார். காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி மய்கெனும் அவருமாகத் தீவில் மீன்பிடித்துக்கொண்டு, காலையும் மாலையும் காப்பி குடித்துக்கொண்டு இருந்தார்கள். அவருடைய படகுக் கொட்டகையின் கூரை முகட்டுக்குக் கீழே நின்றால் தோணித்துறை, அதற்கப்பால் விரிந்த கடல், தொலைவில் ஊர், எல்லாமே ஒரே பார்வையில் அடங்கும். மின்சாரமும் உண்டு.

அக்டோபரில் பெட்டியை மாட்டினார்கள். கேமரா உள்ளே, முன்னால் ஒரு கண்ணாடி, கண்ணாடியில் பனி படியாமலிருக்க உள்பக்கம் சூடேறும் மெல்லிய கம்பி. வெளிச்சம் இருக்கும் நேரமெல்லாம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம். ஆனால் கம்பியால் எல்லாவற்றையும் சமாளிக்க முடியாது. உப்புத் துளி தெறிக்கும், பனிப்புயல் அப்பும், கடற்காகம் எச்சமிடும். ஒரு பொட்டு அழுக்கு போதும், ஒரு வாரத்துப் படம் வீண். அதனால் தினம் காலையில் ஏணியில் ஏறிக் கண்ணாடியைத் துடைத்துவிடும்படி ஹோல்கெர் அண்ணனிடம் கேட்டுக்கொண்டார். அர்வித்துக்கு அதில் சந்தோஷம்தான். தம்பி எதையும் கேட்டு வருகிறவர் இல்லை.

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஹோல்கெர் தீவுக்குப் போய், படங்கள் பதிவான அட்டையை எடுத்துக்கொண்டு வேறொன்றைப் போட்டுவிட்டு வருவார். முதல் தடவை வீட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தபோது, அமைதியான சாம்பல்நிறக் கடலுக்கு நடுவே மின்வெட்டுப்போல ஏதோ அடிக்கடி வெட்டிவெட்டி மறைந்தது. நிறுத்திப் பார்த்தார். அண்ணனின் முகம். கம்பளித் தொப்பியும் சொட்டும் மூக்குமாக, கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி. சில நாள் துணி பிடித்த கை மட்டும். ஒருநாள் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. இன்னொருநாள், வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டிய ஒரு பெரிய மீன்.

ஓடும் படத்தில் இப்படி ஒன்று வந்தால் பார்க்கிறவன் கண் அங்கேயே தடுக்கி விழுந்துவிடும். ஹோல்கெர் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து அழித்தார். படங்கள் மலைபோலக் குவிவதால் வேண்டாததை வைத்திருக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அட்டையையும் துடைத்து மறுபடி பயன்படுத்தினார்.

அடுத்தமுறை போனபோது அர்வித் காப்பியை ஊற்றிக்கொண்டே கேட்டாராம்.

“தினம் காலைல துடைக்கிறப்ப உனக்கு ஒரு வணக்கம் போடுறேனே, வந்து சேருதா?”

“சேருது. அதை எடுத்துப் போடத்தான் எனக்கு அரைநாள் ஆகுது.”

மய்கென் சிரித்திருக்கிறாள். அர்வித்தும் சிரித்தார். ஹோல்கெர் சிரிக்கவில்லை. பெட்டியின் அடியில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு இருப்பதையும், ஒவ்வொரு படம் எடுக்கும்போதும் அது மின்னும் என்பதையும் காட்டினார். அது மின்னி முடிந்ததும் ஏறினால் அடுத்த படத்துக்குள் துடைத்து இறங்கிவிடலாம் என்று சொல்லிக் கொடுத்தார். அர்வித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு படத்திலும் அவர் முகம் வரவில்லை. ‘என்னை நடிப்புலேர்ந்து நிறுத்திட்டான்’ என்று மய்கெனிடம் சொல்லிக்கொண்டாராம்.

கடல் உறைந்தது. உறையும் அந்த நாட்கள் படத்தில் மிக அழகாக வந்திருந்தன. முதலில் கரையோரம் எண்ணெய் பூசினாற்போல ஒரு பளபளப்பு, பிறகு தட்டுத்தட்டாக, பிறகு ஒருநாள் அசைவே இல்லாமல். அந்த வாரங்களில் தீவுக்குப் படகும் போகாது, காரும் போகாது. ஹோல்கெர் ஊரிலேயே இருந்தார். ஜனவரியில் சாலை திறந்ததும் போய் அள்ளிக்கொண்டு வந்தார்.

இப்போது வேறொரு தொந்தரவு. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் வெளிச்சம் கொஞ்சம் கூடும், குறையும். ஓட்டினால் திரை நடுங்குகிறாற்போல இருக்கும். அதைச் சமன்படுத்த நாட்கணக்கில் உட்கார்ந்தார். எங்கள் அலுவலகத்துக்கு வந்தாலும் அதே பேச்சுதான். சன்னலுக்கு வெளியே கை காட்டி, “பனி நாலு விதமான வெள்ளை. கேமராவுக்கு அது புரிய மாட்டேங்குது” என்று என்னிடம் குறைபட்டுக்கொள்வார். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று நான் ஒருநாள் கேட்டேன். “கண்ணாடி சுத்தமா இருக்கு” என்றார்.

அர்வித்துக்குக் குளிர்காலத்தில் ஒரு வழக்கம். தோணித்துறையிலிருந்து கடலுக்குள் நல்ல தூரத்தில், பனியில் துளையிட்டு அடியில் வலை விட்டிருப்பார். வெளிச்சம் வந்ததும் சறுக்குநாற்காலியில் போவார். முன்னால் ஓர் இருக்கை, கீழே இரண்டு நீண்ட இரும்புத் தண்டுகள். பின்னால் ஒரு காலை வைத்து மறுகாலால் உந்திக்கொண்டே போகவேண்டியது. எங்கள் பக்கத்தில் கிழவிகளும் கடைக்கு அதில்தான் போவார்கள். வலையைப் பார்த்து, மீனை எடுத்து, இருக்கையில் வாளியை வைத்துத் தள்ளிக்கொண்டு திரும்புவார். இதெல்லாம் கேமராவின் பார்வைக்குள்தான். ஆனால் அகன்ற பார்வை கொண்ட லென்ஸில், அத்தனை தூரத்தில் ஒரு மனிதன் சீரகம் அளவுக்குத்தான் இருப்பான். ஓடும் படத்தில் நொடிக்கு இருபத்தைந்து படம். அந்தச் சீரகம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

மார்ச் மாதம், வெயில் வந்துவிட்ட ஒரு நாளில், ஹோல்கெர் ஹைப்பர்லாப்ஸ் எடுக்கப் போனார். டைம்லாப்ஸில் கேமரா நிற்கும், இதில் நடக்கும். இரண்டடி வைத்து முக்காலியை ஊன்றி ஒரு படம். மறுபடி இரண்டடி, ஒரு படம். ஒவ்வொரு தடவையும் தொலைவில் இருக்கும் ஏதாவது ஒன்றைக் கட்டத்தின் நடுவில் பிசகாமல் நிறுத்தவேண்டும். ஹோல்கெர் தீவுத் தேவாலயத்தின் கோபுரத்தை எடுத்துக்கொண்டார். பனிச்சாலையின் கடைசிப் பகுதியில் கோபுரத்தை நோக்கிப் போவது திட்டம். ஓட்டினால், பறவைபோலக் கடல்மேல் தாழப் பறந்து தீவை அடைகிற மாதிரி இருக்கும்.

அர்வித் தானும் வருகிறேன் என்றார். சறுக்குநாற்காலியில் காப்பிக் குடுவையும் உபரி மின்கலங்களும் வைத்துக்கொண்டு, படத்தில் விழாமல் பின்னால் வந்தார். தம்பிக்கும் அது வசதிதான். முக்காலியை ஊன்றி, கோபுரத்தைக் கட்டத்துக்குக் கொண்டுவந்து, படம் எடுத்து, மறுபடி தூக்கி என்று மெதுவாக நகரும் வேலை. பின்னால் அண்ணன் இருக்கையில் உட்காருவார், எழுந்து தள்ளுவார், மறுபடி உட்காருவார். தனக்காகக் காத்திருந்து அலுத்துப்போய் உட்காருகிறார் என்று ஹோல்கெர் நினைத்துக்கொண்டார்.

பாதிக்கு மேல் போயிருப்பார்கள். பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஹோலே, கொஞ்சம் நில்லுடா. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

நடுவில் நின்றால் சூரியன் நகர்ந்துவிடும், நிழல் ஓரிடத்தில் துள்ளும், அதுவரை எடுத்ததெல்லாம் இரண்டு துண்டாகிவிடும். ஹோல்கெர் திரும்பவில்லை. பின்பக்கமாக உள்ளங்கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். பேசாதே, பிறகு என்று அர்த்தம். அர்வித் பேசவில்லை.

வீட்டுக்குப் போய், மய்கென் வைத்திருந்த பன்றிக்கறி அடைத்த உருளைக்கிழங்கு உருண்டையைச் சாப்பிடும்போது ஹோல்கெருக்கு ஞாபகம் வந்தது. என்னவோ சொல்லவேண்டும் என்றாயே என்று கேட்டார்.

“ஒண்ணுமில்ல. மறந்துபோச்சு” என்றார் அர்வித். பிறகு எடுத்த படத்தைக் காட்டச் சொன்னார். கேமராவின் பின்திரையில் கோபுரம் விறுவிறுவென்று அருகே வருவதைப் பார்த்து, நாள் முழுக்க நொண்டிக்கொண்டு வந்தோம், இதில் பறக்கிறோமே என்று ஆச்சரியப்பட்டாராம்.

ஏப்ரல் கடைசியில் சாலையை மூடினார்கள். பனிக்கட்டி கறுத்து, தேன்கூடுபோல ஓட்டை விழ ஆரம்பித்திருந்தது. மறுபடியும் படகும் இல்லை காரும் இல்லை என்கிற வாரங்கள். அப்படி ஒரு முற்பகலில், தோணித்துறையில் படகுக்குத் தார் பூசக் குனிந்த அர்வித் அங்கேயே சரிந்தார். மய்கென் பார்த்துவிட்டுத் தொலைபேசி செய்தாள். ஹெலிகாப்டர் வந்தது. மறுநாள் மருத்துவமனையில் இறந்துபோனார். இதயம் மாதக்கணக்காகவே பலவீனமாக இருந்திருக்கவேண்டும் என்றார்கள். ஹோல்கெர் போய்ச் சேர்ந்தபோது நினைவு இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் மய்கென் ஊருக்கு வந்து ஹோல்கெர் வீட்டில் தங்கினாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“கண்ணாடி துடைக்கிறப்ப அவர் உனக்கு மூஞ்சி காட்டுவாரே, அதுல ஒண்ணு குடேன். மீனோட நின்னாரே, அது இருந்தாலும் போதும். சிரிச்சுட்டு எடுத்த படம் எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. அவருக்குக் கேமராவைக் கண்டாலே முகம் இறுகிப்போகும். உன் பெட்டிகிட்ட மட்டும்தான் சிரிச்சிருக்கார்.”

ஹோல்கெர் எழுந்து வேலையறைக்குப் போனார். இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் தேடினார். வன்தட்டுகள், பழைய அட்டைகள், அழித்ததை மீட்டுத் தருவதாகச் சொல்லும் மென்பொருள். எல்லாவற்றின்மேலும் புதிய படங்கள் பலதடவை எழுதப்பட்டிருந்தன. ஊர் முழுக்கப் பிள்ளைகளின் சிரிப்பை எடுத்துக் கொடுத்த மனிதரிடம் சொந்த அண்ணனின் சிரிப்பு ஒன்றுகூட இல்லை.

முகம் இல்லையென்றால், தூரத்தில் தெரியும் அந்தப் புள்ளியாவது இருக்குமே என்று நினைத்தார். குளிர்காலத்துப் படங்களை எடுத்துக்கொண்டு, ஓட்டாமல், ஒவ்வொன்றாக முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்க ஆரம்பித்தார். அதுவரை அந்தப் படங்களை அவர் அப்படிப் பார்த்ததே இல்லை. ஓட்டித்தான் பார்த்திருக்கிறார். பாதியில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். படம் தாமதமாகும் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் போனேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொல்லி, திரையைக் காட்டினார்.

ஜனவரிப் படம். தோணித்துறையில் ஒரு புள்ளி. அடுத்த படத்தில் அது பாதி வழியில். அதற்கடுத்ததில் வலைக்குப் பக்கத்தில்.

“பத்து நிமிஷம்கூட இல்ல” என்றார்.

பிப்ரவரி. தோணித்துறை, கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்சம், அதே இடம், பிறகு வலை. அந்த ‘அதே இடத்து’ படத்தைப் பெரிதாக்கினார். புள்ளி குள்ளமாகியிருந்தது. சறுக்குநாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

மார்ச் மாதப் படங்களை அவர் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனார். உட்கார்ந்திருக்கிறார். அடுத்ததிலும் உட்கார்ந்திருக்கிறார். கொஞ்சம் நகர்ந்து மறுபடி உட்கார்ந்திருக்கிறார். திரும்பும் வழியில் இன்னும் மோசம். ஒருநாள் வலை வரைக்கும் போகவே இல்லை. நடுவில் வெகுநேரம் இருந்துவிட்டுத் திரும்பிவிட்டார். வெயில் ஏற ஏற அந்தச் சின்ன உருவத்தின் நிழல் மட்டும் படத்துக்குப் படம் சுருங்கிக்கொண்டே வந்தது.

ஏப்ரல் கடைசிப் படங்களில் ஒன்றில் தோணித்துறைக்குப் பக்கத்தில் ஹெலிகாப்டர் நின்றது. அடுத்த படத்தில் இல்லை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த படங்களிலெல்லாம் இடது மேல்மூலையில் ஒரு வெள்ளைக் கறை. கடற்காகத்தின் எச்சம். துடைக்க ஆள் இல்லை. பனி உடைந்து கடல் திறந்த நாட்களை, அந்தப் படத்துக்கே உயிராக இருக்கவேண்டிய நாட்களை, அந்தக் கறையின் ஊடாகத்தான் பார்க்கவேண்டியிருந்தது.

“எல்லாம் எங்கிட்டயே இருந்திருக்கு” என்றார் ஹோல்கெர். “மாசக்கணக்கா இந்த மேசைமேலயே இருந்திருக்கு. நான் பனியோட வெள்ளையைச் சரிபண்ணிட்டு இருந்திருக்கேன்.”

ஓட்டிப் பார்க்கிற யாருக்கும் இது தெரிந்திருக்காது என்று சொன்னேன். அது உண்மைதான். அதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது என்பது பிறகு புரிந்தது.

மய்கெனிடம் மறைக்கவில்லை. அவளையும் உட்காரவைத்து அதே வரிசையில் காட்டினார். பனிமேல் அர்வித் நிற்கச் சொன்னதைக் கேட்காமல் கையைக் காட்டியதையும் சொன்னார். தன்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாராம். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாராம். அவள் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் திரையைப் பார்த்தாள்.

“காப்பி ஆறிப்போகுதுன்னு தினம் சத்தம் போட்டேன். வழியில யாரையோ பிடிச்சு வச்சுப் பேசிட்டு வர்றாருன்னு நினைச்சேன். வீட்டுக்குள்ள இருந்த நானே பார்க்கல, ஹோல்கெர். உன்னை எப்படித் திட்டறது?”

அவளுக்குப் பிடித்த ஒரு படத்தை அச்சிட்டுத் தரச்சொல்லிக் கேட்டாள். பிப்ரவரி மாதத்துக் காலை. பனி முழுக்க இளஞ்சிவப்பு. நடுவில் நிமிர்ந்து நின்று உந்திப்போகும் ஒரு சிறு உருவம். முகம் தெரியப் பெரிதாக்கித் தரலாமா என்று ஹோல்கெர் முயன்று பார்த்தார். கொஞ்சம் பெரிதாக்கியதுமே உருவம் வெறும் கட்டம் கட்டமாக உடைந்துபோயிற்று. இருக்கிறபடியே கொடு, எனக்கு அடையாளம் தெரியும் என்று வாங்கிக்கொண்டு போனாள்.

படம் ஆகஸ்ட் திருவிழாவில் ஓடியது. நாலு நிமிடம். கறை விழுந்த பகுதியை வெட்டிச் சிறிதாக்கிவிடலாமே என்று மேலாளர் கேட்டதற்கு ஹோல்கெர் ஒப்புக்கொள்ளவில்லை. அதிகம் விளக்கவும் இல்லை. பனிமேல் நடமாடும் புள்ளிகளை அழித்துச் சுத்தமாக்குவதும் முதலில் அவர் திட்டத்தில் இருந்தது. அதையும் செய்யவில்லை. துறைமுகச் சதுக்கத்தில் கட்டிய பெரிய திரையில் கடல் உறைந்ததையும், கோபுரம் பறந்து வந்ததையும், பனி கிழிந்து ஓடியதையும் பார்த்து ஊரே கை தட்டியது. பக்கத்தில் நின்றிருந்தவர் அந்த வெள்ளைக் கறையைப் பார்த்து, மேகம் நகராமலே இருக்கிறதே என்றார். புள்ளியை யாரும் கவனிக்கவில்லை. எங்கே வரும் என்று தெரிந்திருந்தும் நானும் அதைத் தவறவிட்டேன். ஹோல்கெர் திரையைப் பார்க்கவில்லை. ஐஸ்கிரீம் வண்டிக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் பக்கத்து நகராட்சி ஒன்று தங்கள் ஆற்றை அப்படி எடுத்துத் தரக் கேட்டது. மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பெட்டியைக் கழற்றி எடுத்துவர அவர் தீவுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். ஏணியில் ஏறியவர் கழற்றுவதற்கு முன்னால், வேலை முடிந்துபோன அந்தக் கேமராவின் கண்ணாடியைத் தன் சட்டைக் கையால் சுற்றிச் சுற்றித் துடைத்தார். பிறகுதான் திருகாணியை எடுத்தார்.

இப்போதும் குளிர்காலத்தில் சனிக்கிழமை தவறாமல் பனிச்சாலை வழியாக ஸ்வார்ட்ஷேருக்குப் போகிறார். மய்கெனோடு வலை இழுக்கிறார். அவருக்கு அது வரவில்லை. பாதி மீன் துளைக்குள்ளேயே திரும்ப விழுகிறது என்று அவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். போகிற வழியில் அவள் சற்று நின்றால்கூட இவரும் நின்றுவிடுகிறாராம். என்ன செய்கிறது என்று கேட்கிறாராம்.

“எனக்கு ஒண்ணும் செய்யல, மூக்கு ஒழுகுது, துடைக்க நின்னேன். போப்பா முன்னால” என்று போன சனிக்கிழமை விரட்டினாளாம். ஹோல்கெர் மூச்சை உள்ளிழுத்து ஆமாம் போட்டுவிட்டு, அவள் துடைத்து முடிக்கும்வரை அங்கேயே நின்றிருக்கிறார்.